நாலு வருடம் ஓட்டிப் பார்த்த பேக்டெஸ்ட் மென்பொருள்: செத்த பங்குகளைக் காணவில்லை

பாயான் லெப்பாசில் இருக்கும் மச்சான் போன வாரம் போன் செய்தார். "நீங்க வெச்சிருக்கிற அந்த பேக்டெஸ்ட் சாஃப்ட்வேர் சந்தாவைக் குறைச்சிட்டாங்களாம் மச்சான், எடுக்கலாமா?" என்று கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். அதுதான் இது.

பேர் சொல்லப்போவதில்லை. புர்சா மலேசியா பங்குச் சந்தையின் பழைய விலைகளை வைத்துக்கொண்டு, நாம் சொல்லும் விதிப்படி வாங்கி விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டும் மென்பொருள். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துவிடும். வேகம் அபாரம். பட்டர்வொர்த் வீட்டில் இருக்கும் என் பழைய மடிக்கணினியிலேயே பதினைந்து வருடச் சோதனை தே தாரேக் ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு வாங்கலையும் விற்றலையும் தனித்தனி வரியாகக் காட்டும். நம் சொந்த விலைக் கோப்பையும் ஏற்றிக்கொள்ளலாம். இந்த ஒரு வசதி இல்லையென்றால் இரண்டாவது வருடமே தூக்கிப் போட்டிருப்பேன்.

என் விதி ரொம்ப எளிது. ஜனவரி முதல் வர்த்தக நாளில், முந்தைய பன்னிரண்டு மாதத்தில் அதிகமாக விழுந்த பத்துப் பங்குகளை வாங்குவது. ஒரு வருடம் வைத்திருந்து விற்பது. மறுபடி அடுத்த பத்து. விழுந்தது எழும் என்ற நம்பிக்கைதான். மென்பொருள் காட்டிய லாபத்தைப் பார்த்து, வேலையை விட்டுவிடலாமா என்றுகூட ஓர் இரவு யோசித்தேன். மனைவியிடம் சொல்லவில்லை, நல்ல வேளை.

அப்பா போனபின் அலமாரியை ஒழித்தபோது ஒரு சப்பாத்துப் பெட்டி கிடைத்தது. நாளிதழின் பங்கு விலைப் பக்கங்களை வெட்டி வைத்திருந்தார். 2007 தொடக்கத்துப் பக்கம் ஒன்றில் டிரான்ஸ்மைல் என்ற பெயருக்குக் கீழே பேனாவால் கோடு. சரக்கு விமான நிறுவனம், அப்போது ஒரு பங்கு பத்து ரிங்கிட்டுக்கு மேல். அதே வருடம் அதன் கணக்குகளில் வருமானத்தை ஊதிக் காட்டியிருந்தது வெளியே வந்தது. விலை சரிந்தது, 2011-இல் புர்சா பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. அப்பா எவ்வளவு வைத்திருந்தார் என்று தெரியாது. அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

சும்மா ஓர் ஆவலில் மென்பொருளில் அந்தப் பெயரைத் தட்டினேன். அப்படி ஒரு நிறுவனமே இல்லை என்றது. சரி, சின்னது போலிருக்கிறது என்று மலேசியா ஏர்லைன்ஸைத் தேடினேன். 2014 கடைசியில் அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா, தன்னிடம் இல்லாத மிச்சப் பங்குகளையும் ஒரு பங்குக்கு 27 சென் கொடுத்து எடுத்துக்கொண்டு, பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. அந்தச் செய்தி தெரியாத மலேசியர் உண்டா? அதுவும் இல்லை! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவர்கள் முழு விமானத்தையே மறைத்திருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். இன்றைக்குப் பட்டியலில் இருக்கும் நிறுவனங்களை எடுத்து, அவற்றின் பழைய விலைகளைப் பின்னோக்கிச் சேர்த்திருக்கிறார்கள். இடையில் மூடியவை, மோசடியில் போனவை, பி.என்.17 என்ற நிதி நெருக்கடி வகைக்குள் விழுந்து மீளாதவை எதுவும் அதில் வராது. சர்வைவர்ஷிப் பயாஸ் என்கிறார்களே, அது. பிழைத்தவர்களை மட்டும் வைத்துப் போடும் கணக்கு.

இதனால் லாபம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதானே என்று நானும் முதலில் நினைத்தேன். எல்லா விதிகளையும் ஒரே அளவில் ஏமாற்றியிருந்தால் அப்படித்தான். ஆனால் பெரிய வங்கிகளை வாங்கி வைத்திருக்கும் விதியை இந்தக் குறை லேசாகத்தான் தொடும். என் விதி போவதோ நேராகச் சாகக் கிடக்கும் பங்குகளிடம். அதிகமாக விழுந்தவற்றில் சில எழும், சில செத்துப்போகும். செத்ததையெல்லாம் கோப்பிலிருந்து துடைத்துவிட்டால் மிச்சம் இருப்பது எழுந்தவைதானே? விழுந்தது எழும் என்று கோப்பு எனக்கு நிரூபித்துக் காட்டியது. எழாததைக் கோப்பிலேயே வைக்கவில்லை.

எளிய எண்களில் ஒரு வருடத்தைப் போட்டுக் காட்டுகிறேன். பத்துப் பங்கு, ஒவ்வொன்றிலும் ஆயிரம் ரிங்கிட். மென்பொருள் காட்டும் பத்தும் சராசரியாக 22 விழுக்காடு ஏறுகின்றன. பத்தாயிரம் 12,200 ஆகிறது. இப்போது துடைக்கப்பட்டவற்றைத் திரும்பப் போடுவோம். அந்த வருடம் சாகப்போகும் மூன்று பங்குகள் மற்றவற்றைவிட அதிகமாக விழுந்திருக்கும் என்பதால் பட்டியலின் உச்சியில் வந்து உட்காரும், பிழைத்த மூன்றை வெளியே தள்ளிவிடும். ஆகவே வாங்குவது பிழைத்த ஏழும் சாகும் மூன்றும். ஏழும் அதே 22 விழுக்காடு ஏறினால் 8,540 ரிங்கிட். மூன்றில் ஒன்றை வர்த்தகம் நிற்பதற்கு முன் 200-க்குத் தள்ளிவிட்டோம், மற்ற இரண்டும் பூஜ்யம். மொத்தம் 8,740. 22 விழுக்காடு லாபம் 12.6 விழுக்காடு நட்டமாகிவிட்டது. விதி அதேதான், ஏறிய பங்குகளும் அதே அளவுதான் ஏறின.

நியாயமாகச் சொன்னால், நீங்கிய பங்கெல்லாம் நட்டமில்லை. மலேசியா ஏர்லைன்ஸுக்குக் கொடுத்த 27 சென், அறிவிப்புக்கு முந்தைய சந்தை விலையைவிட அதிகம். கீழே வாங்கியவருக்கு அது சின்ன லாபம். நல்ல நிறுவனத்தை முதலாளியே கூடுதல் விலை கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வதும் உண்டு. அதையும் கோப்பு விழுங்கிவிடுகிறது. அதனால் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டு வைப்பதும் தப்பு. ஒவ்வொன்றுக்கும் கடைசியில் கைக்கு என்ன வந்தது என்று தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

நிறுவனத்துக்கு எழுதினேன். இரண்டு வாரம் கழித்து ஒரு மரியாதையான பதில் வந்தது: அந்தப் பங்குகளைப் பயனர்கள் அதிகம் தேடுவதில்லையாம். செத்ததை எவன் தேடுவான்?

சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன். அப்பாவின் பெட்டி, நூலகத்தில் பழைய நாளிதழ்கள், நிறுவன அறிவிப்புகள். எட்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. செத்த பங்குகளின் விலைகளைக் கையால் தட்டி ஏற்றியபோது இரண்டாவது தலைவலி வந்தது. வர்த்தகம் நிறுத்தி வைக்கப்பட்ட பங்குக்கு மென்பொருள் கடைசி விலையையே நாள்தோறும் நிரப்பிக்கொண்டு போகிறது. 12 சென்னில் நின்றுபோன பங்கு ஆறு மாதம் கழித்தும் 12 சென்தான். டிசம்பர் கடைசியில் அந்த விலைக்கு விற்றதாகவும் எழுதிவிடுகிறது. வாங்க ஆளே இல்லாத சந்தையில் யாரிடம் விற்றது? வர்த்தக அளவு பூஜ்யமாக உள்ள நாளில் விற்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தபிறகுதான் அடங்கியது.

மூன்றாவது கோளாறு என் அவசரத்தால் வந்தது. ஓர் இலவச விலைக் கோப்பை இறக்கி ஏற்றினேன். 2022 ஜனவரிக்கான 'அதிகம் விழுந்த பத்து' பட்டியலில் பப்ளிக் பேங்க் நின்றது. பார்த்ததும் சிரித்துவிட்டேன். 2021 ஜனவரியில் அந்த வங்கி ஒரு பங்குக்கு நாலு போனஸ் பங்கு கொடுத்தது. நூறு வைத்திருந்தவருக்கு ஐந்நூறு ஆனது, விலை ஐந்தில் ஒன்றானது, யாருக்கும் ஒரு சென் நட்டமில்லை. பழைய விலைகளை ஐந்தால் வகுக்காத கோப்புக்கு மட்டும் அது எண்பது விழுக்காடு வீழ்ச்சி. பப்ளிக் பேங்க் என்பதால் கண்ணில் பட்டது. பேர் தெரியாத கம்பெனியாக இருந்திருந்தால் அப்படியே நம்பியிருப்பேன்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். நொடிந்த நிறுவனம் பத்துப் பங்கை ஒன்றாகச் சேர்க்கும். 5 சென் பங்கு மறுநாள் 50 சென். சரிசெய்யாத கோப்பில் அது ஒரே நாளில் பத்து மடங்கு. இப்படிச் சேர்ப்பது பெரும்பாலும் விழுந்துகிடக்கும் பங்குகளில்தான், அதாவது நான் வாங்கும் பங்குகளில்தான். ஒரே விதியை எல்லாப் பிழையும் ஒரே திசையில் தூக்கிவிடுவதைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

சந்தா எடுப்பதற்கு முன் மச்சான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இலவச மாதத்தில் விலைகளை இறக்கி, ஒவ்வொரு பங்குக்கும் கடைசித் தேதி என்ன என்று பார்க்கட்டும். அவருக்குப் பைத்தான் தெரியும், இரண்டு வரி போதும்:

```python
last = df.groupby("code")["date"].max()
print((last < "2024-01-01").sum())
```

பூஜ்யம் வந்தால் அந்தக் கோப்பில் சுடுகாடே இல்லை என்று அர்த்தம். பதினைந்து வருடத்தில் ஒரு நிறுவனம்கூடப் பட்டியலை விட்டுப் போகாத சந்தை உலகத்தில் இல்லை. எண் வந்தாலும் இரண்டு மூன்று பெயரைத் தேடி, கடைசி விலை எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

குறியீட்டை வைத்துச் சோதிப்பவர்களுக்கும் இதே கதைதான். புர்சாவின் பெரிய நிறுவனங்களுக்கான குறியீடான கே.எல்.சி.ஐ.யில் 2009 ஜூலையிலிருந்து 30 நிறுவனங்கள், வருடத்துக்கு இரண்டு முறை மாற்றியமைக்கிறார்கள். இன்றைய முப்பதை எடுத்துக்கொண்டு 2010-க்குப் போனால், பின்னால் வளர்ந்து உள்ளே வரப்போகிறவர்களை முன்கூட்டியே வாங்கிவிடுகிறோம். அதை நான் செய்யவில்லை. செய்தவர் ஒருவர் பிறை ஊரில் எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார்.

எல்லாவற்றையும் சரிசெய்தபிறகு என் விதி வங்கி வைப்புத்தொகையைக்கூடத் தொடவில்லை. அரை சென் விவகாரத்தையும் சேர்த்தால் இன்னும் கீழே. ஒரு ரிங்கிட்டுக்குக் குறைந்த பங்கு அரை சென் அரை சென்னாகத்தான் நகரும். 1 சென்னுக்கு வாங்க வரிசை, 1.5 சென்னுக்கு விற்க வரிசை. கடைசி விலை இரண்டுக்கும் நடுவே தாவிக்கொண்டிருந்தால் மென்பொருள் ஒவ்வொரு முறையும் ஐம்பது விழுக்காடு சம்பாதித்ததாக எழுதும். வரிசையின் கடைசியில் நிற்கும் நமக்கு அது கிடைக்காது.

ஆக, மச்சான், எடுக்காதீங்க. பாதி விலைக்கும் எடுக்காதீங்க. கோபத்தில் சொல்லவில்லை, கொஞ்சம் கோபமும் உண்டு.

என்னுடையது போன மாதம் முடிந்தது. இன்னொரு வருடத்துக்குக் கட்டிவிட்டேன். நான் தட்டி ஏற்றிய செத்த பங்குகளெல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன, வேறெங்கும் இவ்வளவு வேகமாக ஓடவும் இல்லை. அப்பாவின் பெட்டியில் 2008-க்கான பக்கங்கள் இன்னும் பாதி பாக்கி. பட்டர்வொர்த் வரும்போது உங்கள் அப்பா வீட்டில் பழைய பேப்பர் ஏதாவது கிடந்தால் எடுத்து வாருங்கள்.