பழைய கலியாண விசிடியைப் பெரிசாக்கினது: பாரமான மொடலா, லேசான மொடலா, முகம் திருத்துறதா?

எங்கட பெரியக்காவின்ர கலியாணம் 2003இல, ஏ9 பாதை திறந்து அடுத்த வருசம், வெளிநாட்டுச் சொந்தமெல்லாம் வந்து நிண்ட நேரம். வீடியோக்காரர் கசற்றில எடுத்து எங்களுக்கு ரெண்டு விசிடியில போட்டுத் தந்தவர். அதிலதான் அம்மம்மா அசையிற படம் இருக்கு, வேற எங்கயும் இல்லை, மிச்சமெல்லாம் போட்டோதான். போன மாசம் அம்மா புது ரீவியில அதைப் போட்டுப் பாத்திட்டு "ஒண்டும் தெரியேல்லையடா, எல்லாம் கட்டம் கட்டமா கிடக்கு" எண்டவ. அதாலதான் இந்த வேலையில இறங்கினனான், மூண்டு வழியையும் ஒரே துண்டில செய்து பாத்திட்டு இப்ப எழுதுறன்.

முதல்ல கையில என்ன இருக்கு எண்டு தெரியவேணும். நம்மட ஊர் விசிடி எல்லாம் PAL எண்ட ரீவி முறை, அதாவது 352க்கு 288 பிக்சல், செக்கனுக்கு 25 பிரேம். டிஸ்க்குக்குள்ள MPEGAV எண்ட போல்டரில AVSEQ01.DAT எண்டு கிடக்கிறதுதான் படம். டிஸ்க்கில கீறல் கூட இருந்தா கொப்பி எடுக்கேக்க பாதியில நிக்கும், நான் ரெண்டாவது டிஸ்க்கை வேற ஒரு பழைய டிவிடி டிரைவில போட்டுத்தான் எடுத்தனான். எடுத்த உடன ffmpeg எண்ட இலவச வீடியோ டூலால இப்பிடி மாத்திக்கொள்ளுங்கோ:

```
ffmpeg -i AVSEQ01.DAT -c:v libx264 -crf 12 -c:a aac -b:a 192k disc1.mkv
ffmpeg -ss 00:31:10 -i disc1.mkv -t 20 -c:v libx264 -crf 12 sample.mp4
```

ரெண்டாவது வரி 20 செக்கன் துண்டு வெட்டுறதுக்கு. முழுப் படத்தையும் எடுத்த எடுப்பில போடாதேங்கோ. கிட்டத்தில ஒரு முகம், தூரத்தில கொஞ்சப் பேர், அசையிற கை, இது மூண்டும் வாற துண்டாப் பாத்து வெட்டுங்கோ. நான் எடுத்தது அறுகரிசி போடுற இடம், அதில அம்மம்மா கமராவுக்குக் கிட்ட வந்து குனிஞ்சு போடுவா, பின்னால சனம் வரிசையில நிக்குது.

நான் பாவிச்சது சின்னப் படத்தைப் பெரிசாக்கிக் கூர்மையாக்கிற Real-ESRGAN எண்ட இலவச ஏஐ டூல், 2021இல வந்தது. அதுக்குள்ள ரெண்டு மொடலையும், அதாவது கனக்கப் படம் பாத்துப் பழகின நெட்வேர்க் ரெண்டையும், முகத்தை மட்டும் தனியத் திருத்துற வழியையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாத்தன். என்ர லப்டொப்பில என்விடியா 3050 காட் இருக்கு, கீழ சொல்லுற நேரமெல்லாம் அதின்ர கணக்கு, உங்கட காட் வேற எண்டா மாறும்.

பாரமான மொடல் RealESRGAN_x4plus. கொழும்பில இருக்கிற தம்பி இதைத்தான் போடச் சொன்னவன், அவன் போட்டோவுக்குப் போட்டு நல்லா வந்தது எண்டவன், அது உண்மைதான், ஒரு போட்டோவுக்கு இது பிரமாதம். வீடியோவுக்கு ஒரு பிரேமுக்கு ஏறக்குறைய ஒரு செக்கன் எடுத்தது. கேக்க ஒரு செக்கன் பெரிசாத் தெரியாது, ஆனா எங்கட ரெண்டு டிஸ்க்கும் சேத்து 110 நிமிசம், அது 1,65,000 பிரேம், அப்ப 1,65,000 செக்கன், கிட்டத்தட்ட 46 மணித்தியாலம். ரெண்டு நாள் லப்டொப் நிப்பாட்டாம ஓடவேணும். இடையில கரண்ட் போனா பற்றரியில ஓடும், ஆனா காட்டின்ர வேகம் அப்பிடியே விழுந்திடும், பற்றரியும் முடிஞ்சு நிண்டா பாதியில கிடக்கிற எம்பி4 திறக்கவும் ஏலாது. இங்க மழை நாளில இது நடக்காம இருக்காது. அதால எந்த மொடல் எண்டாலும் 10 நிமிசத் துண்டுகளா வெட்டி ஓட விடுங்கோ.

லேசான மொடல் realesr-general-x4v3. இது அதைவிடக் கனக்கச் சின்ன நெட்வேர்க், எனக்கு செக்கனுக்கு 8 பிரேம் மட்டில போனது, ரெண்டு டிஸ்க்கும் 6 மணித்தியாலத்துக்குள்ள முடிஞ்சுது. இரவு படுக்கேக்க போட்டா விடிய எழும்பேக்க முடிஞ்சு கிடக்கும்.

```
python inference_realesrgan_video.py -i sample.mp4 -o out -n realesr-general-x4v3 -dn 0.5 -s 4
```

அதில -dn எண்டது புள்ளி புள்ளியா இருக்கிற இரைச்சலை எவ்வளவு வழிக்கிறது எண்ட அளவு, 0இல இருந்து 1 வரைக்கும். 1 போட்டா முகம் மெழுகு மாதிரி வரும், 0 எண்டா விசிடியின்ர கட்டமெல்லாம் கூடச் சேந்து பெரிசாகும். எனக்கு 0.5 சரியா இருந்தது, வெளியில வெயிலில எடுத்த இடங்களுக்கு இன்னும் குறைச்சாலும் காணும்.

மூண்டாவது, அதே கட்டளையோட --face_enhance சேக்கிறது. அப்ப GFPGAN எண்ட இன்னொரு நெட்வேர்க் ஒவ்வொரு பிரேமிலயும் முகங்களைத் தேடிப்பிடிச்சுத் திரும்ப வரைஞ்சு ஒட்டும். சபையில முகங்கள் கூடக் கூட நேரமும் கூடும். இதை நான் முழுசா ஓட்டேல்லை, 20 செக்கன் துண்டோட நிப்பாட்டிட்டன், ஏன் எண்டு சொல்லுறன்.

எனக்கு முடிவெடுக்க வச்சது முகம் ஒண்டுதான். கூர்மை, கலர், சாறிக்கரை எல்லாம் பிறகு. நீங்கள் உங்கட படத்தில ஒரு பிரேமை நிப்பாட்டி, ஒரு முகம் நாடியில இருந்து நெத்தி வரைக்கும் எத்தினை பிக்சல் எண்டு எண்ணிப் பாருங்கோ. அறுகரிசி போடுற இடத்தில அம்மம்மாவின்ர முகம் 80 பிக்சல் மட்டில இருந்தது. அதே அம்மம்மா மணவறைக்குப் பக்கத்தில எல்லாரோடயும் நிக்கிற இடத்தில 18 பிக்சல்தான். 18 பிக்சல் முகத்தில ஒரு கண்ணுக்குக் கிடைக்கிறது மூண்டு பிக்சல். கண் திறந்திருக்கா மூடியிருக்கா எண்டதே அந்த மூண்டுக்குள்ள இல்லை. அப்ப நெட்வேர்க் எங்க இருந்து கண்ணை எடுக்கும்? அது பழகின ஆயிரமாயிரம் படத்தில இருந்து "இப்பிடி ஒரு இடத்தில கண் வழமையா இப்பிடித்தான் இருக்கும்" எண்டு ஒண்டை வரையும். அது ஆரோ ஒருத்தரின்ர கண், அம்மம்மாவின்ர இல்லை.

கிட்டத்துப் படத்தில மூண்டும் என்ன செய்தது எண்டு சொல்லுறன். பாரமானது நல்ல கூர்மையா வந்தது, ஆனா அம்மம்மா நெத்தியில பூசியிருந்த திருநீற்றுக் குறி மூண்டையும் அது சுருக்கம் எண்டு நினைச்சு கறுப்புக் கோடாக்கிப் போட்டுது. மாலையில இருந்த பூவெல்லாம் புழு நெளியிற மாதிரி வந்தது. லேசானது அவ்வளவு கூர்மை இல்லை, திருநீறு வெள்ளைப் பட்டையாவே நிண்டுது, மூக்குத்தி ஒரு சின்ன மினுக்கமா இருந்தது, பழைய படத்தில எப்பிடி இருந்ததோ அப்பிடியே. முகம் திருத்தினதில கண், மூக்கு, தோல் எல்லாம் ஸ்ரூடியோப் போட்டோ மாதிரி சரியான வடிவு, ஆனா மூக்குத்தி ஒரு பிரேமில இருக்கு, அடுத்ததில இல்லை, திரும்ப வருது. கன்னத்துச் சுருக்கம் முழுக்கப் போயிட்டுது. அம்மாவைக் கூப்பிட்டு ஒண்டும் சொல்லாம மூண்டையும் போட்டுக் காட்டினன். மூண்டாவதைக் கொஞ்ச நேரம் பாத்திட்டு "இது ஆர்? அம்மா மாதிரித்தான் கிடக்கு, ஆனா அம்மா இல்லை" எண்டவ. எனக்கு அதுக்குப் பிறகு வேற ஒண்டும் யோசிக்க வேண்டி இருக்கேல்லை.

இதை நீங்களே பிடிக்க ஒரு வழி இருக்கு. நிப்பாட்டின ஒரு படத்தைப் பாத்து முடிவெடுக்காதேங்கோ, நிண்ட படத்தில எல்லாம் வடிவாத்தான் தெரியும். ஒரு செக்கனில 25 பிரேம், அதை ஒவ்வொண்டாத் தள்ளிக்கொண்டு ஒரு கண்ணை, ஒரு பல்லை மட்டும் பாருங்கோ. ஆள் அசையாம நிக்கேக்க கண்ணின்ர வடிவம் பிரேமுக்குப் பிரேம் மாறினா அது கற்பனை. ஏன் எண்டா இந்த டூல் ஒவ்வொரு பிரேமையும் தனிப் போட்டோவாத்தான் பாக்குது, முன்னால என்ன வரைஞ்சது எண்டு அதுக்கு ஞாபகம் இல்லை. ஓட விடேக்க அது முகம் கொதிக்கிற மாதிரித் தெரியும். அதே ஆளின்ர போட்டோ இருந்தா பக்கத்தில வச்சும் பாருங்கோ.

நான் இப்ப பின்பற்றுற அளவு இதுதான்: முகம் 60 பிக்சலுக்கு மேல எண்டா லேசான மொடலை நம்பிப் போடலாம், 30க்குக் கீழ எண்டா அந்த இடத்தை எந்த மொடலுக்கும் குடுக்கிறேல்லை, சாதாரணமாப் பெரிசாக்கி விடுறன். மங்கலா இருக்கும், ஆனா மங்கலா இருக்கிறது அவையள்தான். இது என்ர ரெண்டு டிஸ்க்கையும் வச்சுச் சொல்லுற அளவு, ரெண்டுக்கும் நடுவில வாறதை ஒவ்வொரு இடமாப் பாத்துத்தான் முடிவெடுத்தனான்.

காசு குடுத்து வாங்குற டோபாஸ் மாதிரியானதைப் பற்றியும் கேப்பியள். கனடாவில இருக்கிற மச்சான் சோதிச்சுப் பாக்கிற பதிப்பில அதே 20 செக்கனை ஓட்டி அனுப்பினவர். முகம் கொதிக்கிறது அதில குறைவு. ஆனா ஒரே ஒரு துண்டுதான் பாத்தனான், அதை வச்சு வாங்குங்கோ எண்டோ வேண்டாம் எண்டோ சொல்லேலாது, 18 பிக்சல் முகம் அதிலயும் வேற முகமாத்தான் வந்தது எண்டு மட்டும் சொல்லுவன்.

இன்னும் ரெண்டு விசயம். விசிடியில இருந்து வாறது 352க்கு 288 எண்டாலும் ரீவியில 4:3 ஆத்தான் காட்டவேணும். அப்பிடியே நாலு மடங்காக்கினா 1408க்கு 1152 வரும், எல்லாரும் ஒரு சுற்று மெலிஞ்சு தெரிவினம். கடைசியில இதால சரிப்படுத்துங்கோ:

```
ffmpeg -i out/sample_out.mp4 -vf "scale=1440:1080:flags=lanczos,setsar=1" -c:v libx264 -crf 18 final.mp4
```

மற்றது, உங்களிட்ட விசிடி இல்லாம கசற்றில இருந்து நேர எடுத்த 720க்கு 576 படம் இருந்தா, அசையிற கையில சீப்புப் பல்லு மாதிரிக் கோடு தெரியுதா எண்டு முதல்ல பாருங்கோ. தெரிஞ்சா -vf bwdif போட்டு அதை எடுத்துப்போட்டுத்தான் மொடலுக்குக் குடுக்கவேணும், இல்லாட்டி அந்தப் பல்லையும் அது உண்மை எண்டு எடுத்துத் தீட்டிக் கூராக்கிவிடும், பிறகு எடுக்கவே ஏலாது.

கசற் எண்டதும்தான் சொல்லவேணும், பிரான்சில பெரியம்மாவிட்ட அந்தக் கலியாணக் கசற் ஒண்டு இருக்காம், போன கிழமைதான் சொன்னவ. கசற்றில அகலவாக்கில விசிடியை விடப் பெரிசா ஒண்டும் கூட இராது, ஆனா உயரவாக்கில ரெண்டு மடங்கு கோடு இருக்கு, கட்டமும் இல்லை, அந்த 18 பிக்சல் முகம் 36 ஆகும். எந்த மொடலாலயும் தர ஏலாதது அது. ஆவணியில அவ நல்லூர்த் திருவிழாவுக்கு வரேக்க கொண்டு வாறன் எண்டிருக்கிறா, மணவறைக்குப் பக்கத்தில நிக்கிற அந்த இடத்தை அதுவரைக்கும் தொடாம வச்சிருக்கிறன்.