அவசரம் என்று எழுதியும் வரிசையில் நின்ற ரத்த மாதிரி

விடுமுறைக்கு ஊருக்குச் சென்றிருந்தபோது, சிறுநீரகக் கோளாறு உள்ள என் அம்மாவுக்குக் கடும் அசதி ஏற்பட்டதால், மருத்துவர் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லிவிட்டு, பொட்டாசியம் அளவை உடனே பார்க்கும்படி படிவத்தில் சிவப்பு மையால் 'அவசரம்' என்று எழுதிக் கொடுத்தார். 10.15 மணிக்கு மாதிரி லேப் ஜன்னலைச் சேர்ந்தது. 10.55 ஆகியும் தகவல் வராததால் விசாரித்தேன். மஞ்சள் மூடி போட்ட அந்த டியூப் சாதாரண மாதிரிகளின் அடுக்கில், ஏறத்தாழ நாற்பதாவதாக நின்றுகொண்டிருந்தது.

காரணம் எளிது. மாதிரியைப் பெற்றுக்கொள்பவர் படிவத்தைப் படிப்பதில்லை. பார்கோடை ஸ்கேன் செய்து, கணினி காட்டும் அடுக்கில் வைக்கிறார். பதிவுக் கவுன்டரில் 'சாதாரணம்' என்று ஏற்றியிருந்தார்கள். டியூபின் மீது சிவப்பு ஸ்டிக்கரும் இல்லை. அவசரம் என்ற குறி படிவம், கணினி, டியூப் ஆகிய மூன்றிலும் இருந்தால்தான் ஒரு கையிலிருந்து மறுகைக்குப் போகும்போது அது தொலையாது என்பதை அங்கிருந்த டெக்னீஷியன் பொறுமையாக விளக்கினார். நான் கேட்ட தொனிக்கு அந்தப் பொறுமை சற்று அதிகம்தான்.

அவர் கணினியில் முன்னுரிமையை மாற்றி, டியூபைச் சென்ட்ரிஃபியூஜில் பத்து நிமிடம் சுழற்றி எடுத்தபோது, வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டிய சீரம் இளஞ்சிவப்பாக இருந்தது. ரத்தம் எடுக்கும்போதே சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன. பொட்டாசியத்தின் பெரும்பகுதி அணுக்களுக்குள்ளேயே இருப்பதால், அவை உடைந்தால் அளவு பொய்யாக உயரும். கருவி 7.1 என்று ஆபத்தான அளவைக் காட்டியது. ஆனால் அந்த எண்ணை நம்பிச் சிகிச்சை தொடங்க முடியாது என்று சொல்லி, வேறு மாதிரி கேட்டார்.

இம்முறை பச்சை மூடி டியூப். மஞ்சள் மூடி டியூபில் ரத்தம் உறைய ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். எவ்வளவு அவசரக் குறி போட்டாலும் அந்த நேரம் குறையாது, அவசரப்பட்டு முன்கூட்டியே சுழற்றினால் நார்த்துணுக்குகள் கருவியின் ஊசியை அடைத்துவிடும். பச்சை மூடியில் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் இருப்பதால் வந்தவுடன் சுழற்றலாம். வரிசையில் முந்துவது மட்டும் போதாது, காத்திருக்கத் தேவையில்லாத டியூபையும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

11.20க்கு அதைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கருவியில் அவசர மாதிரிகளுக்கென இருந்த தனி இடத்தில் வைத்தார்கள், 11.45க்கு 5.8 என்று, அதிகம்தான் என்றாலும் முன்பைவிடக் குறைவாக, வந்தது. டெக்னீஷியன் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, பெயரையும் எண்ணையும் அவரைத் திரும்பச் சொல்ல வைத்த பிறகே இணைப்பைத் துண்டித்தார்.

ஈ.சி.ஜி.யில் மாற்றம் ஏதும் இல்லாததால், மருத்துவர் ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டு மறுநாளுக்கு மறுபரிசோதனை எழுதினார். அந்தப் படிவத்தில் 'அவசரம்' என்ற சொல் இல்லை. மாதிரி வரிசையில் நின்றே போயிற்று, நானும் ஜன்னல் பக்கம் போகவில்லை.