மூன்று வரி ஸ்லைடு: ‘வேண்டும்’ இருக்கட்டுமா, போகட்டுமா?

காசிமேட்டில் மீன் விற்கும் பெண்கள் சிலர், அதிகாரிகளுடன் நடக்கும் கூட்டத்தில் ஒரே ஒரு ஸ்லைடு காட்டப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

ஐஸ் வசதி தேவை
கழிப்பறைகள் போதுமானதாக இல்லை
விற்கும் இடத்தில் கூரை அமைத்தல்

ஒன்று கோரிக்கை, ஒன்று புகார், ஒன்று டெண்டர் தலைப்பு. விஷயம் மூன்றுதான், ஆனால் வரிக்கு வரி வாக்கியம் மாறுவதால் எதுவும் மனதில் ஒட்டாது. இதைச் சரிசெய்ய இரண்டு வழி உண்டு.

முதல் வழி, முடிவை ஒன்றாக்குவது: “மீனுக்கு ஐஸ் வேண்டும், தலைக்குக் கூரை வேண்டும், பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும்.” தமிழில் வினை கடைசியில் வருவதால் இந்த இயைபு தானாகவே அமைந்துவிடும். வாயால் சொல்ல அருமை. திரையில் அவ்வளவு சரிவராது. மூன்று முறை வரும் ‘வேண்டும்’ இடத்தை அடைக்கும், கண்ணும் அதிலேயே போய் நிற்கும்.

இரண்டாவது வழி, வினையை வெட்டிவிடுவது:

மீனுக்கு ஐஸ்
தலைக்குக் கூரை
பெண்களுக்குக் கழிப்பறை

ஸ்லைடுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ‘யாருக்கு, என்ன’ என்ற அச்சு மூன்றிலும் மாறவில்லை. வரி நீண்டுகொண்டே போகிறது, கனமான கோரிக்கை கடைசியில் விழுகிறது. தி.மு.க.வின் ‘கடமை, கண்ணியம், கட்டுப்பாடு’ முழக்கம் நிலைத்ததற்கும் இதில் பங்கு உண்டு: மூன்றும் ‘க’வில் தொடங்குகின்றன, எழுத்துகள் மூன்று, ஐந்து, ஆறு என்று ஏறுகின்றன. கழிப்பறையை முதலில் போட்டு ஐஸில் முடித்துப் படித்துப் பாருங்கள், வரி சப்பென்று நிற்கும்.

வெட்டிய வரிக்கு ஒரு பலவீனம் உண்டு. ‘மீனுக்கு ஐஸ்’ என்பது கோரிக்கையா, ஏற்கெனவே கிடைத்துவிட்டதா? மேலே ‘நாங்கள் கேட்பது’ என்று தலைப்பு வைத்தால் குழப்பம் தீரும். ஸ்லைடில் வெட்டிய வரி இருக்கட்டும், பேசும் அக்கா ‘வேண்டும்’ சேர்த்தே சொல்லட்டும்.

மூன்றாவது விஷயம் இல்லாதபோது இட்டு நிரப்புவதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு. ‘மீனுக்கு ஐஸ், தலைக்குக் கூரை, மாதத்துக்கு ஒரு கூட்டம்’ என்று எழுதினால் காதுக்குப் பொருந்தும். ஆனால் முதல் இரண்டில் ‘-க்கு’ யாருக்கோ எதற்கோ கொடுக்கச் சொல்கிறது, மூன்றாவதில் வெறும் கால அளவு. உருபு ஒன்று, வேலை வேறு. ஒவ்வொரு வரியோடும் ‘கொடுங்கள்’ சேர்த்துப் பார்த்தால் மாட்டிக்கொள்ளும்: ‘மாதத்துக்கு ஒரு கூட்டம் கொடுங்கள்’ என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்த வரியை எடுத்துவிட்டு இரண்டோடு நிறுத்துவதே மேல்.

நிஜமாகவே நான்கு கோரிக்கை இருந்தால்? நான்கையும் எழுதுங்கள். மீன் கூடையோடு ஏற ஷேர் ஆட்டோ நிறுத்தம் கேட்பவரிடம் போய், மூன்றோடு நிறுத்தினால்தான் ஓசை நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது.