தை மாத வருமானத்தைப் பார்த்து ஓய்வூதியப் பொலிசி எடுக்காதீர்கள்

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே கல்யாணப் பிளவுஸ் தைக்கிறேன். ஈபிஎஃப் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. 2023 தை மாதம் தெரிந்த பிள்ளையொன்று காப்புறுதி முகவராக வந்தது. "அக்கா, மாசம் எவ்வளவு வரும்?" என்று கேட்டது. கல்யாண சீசன், கை நிறைய வேலை. அந்த மாதத்துக் கணக்கைச் சொன்னேன். அதை வைத்து மாதம் 12,000 ரூபாய்க்குப் பொலிசி எழுதியது. "பாங்கில போடுற மாதிரித்தான் அக்கா" என்றது.

பாங்க் மாதிரி இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் எனக்கு ஓர்டரே வராது, தவணை மட்டும் வரும். இரண்டு தடவை காப்பை அடகு வைத்துக் கட்டினேன். 26 மாதம், 3,12,000 ரூபாய். அதற்கு மேல் முடியவில்லை. முப்பது நாள் சலுகைக் காலமும் போய்ப் பொலிசி காலாவதியானது.

கட்டியதில் பாதியாவது தாருங்கள் என்று கேட்டேன். மூன்று வருடத் தவணை முழுதாகக் கட்டினால்தான் சரண்டர் பெறுமதி உண்டாம். நான் பத்து மாதம் குறைவு, ஆகவே ஒன்றுமில்லை. திரும்பவும் உயிர்ப்பிக்க நிலுவையும் வட்டியும் கட்டி, உடல்நலப் படிவமும் நிரப்ப வேண்டும். எனக்கு இடையில் சீனி வருத்தம் வந்துவிட்டது.

பிள்ளை காட்டிய பெரிய முதிர்வுத் தொகையும் வெறும் கணிப்புத்தான். அது 12 வீத இலாபம் கிடைத்தால் என்று போட்ட வரிசை. உத்தரவாதத் தொகை பக்கத்து வரிசையில் சின்னதாக இருந்தது. ஒப்பந்தம் கைக்கு வந்து 21 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பியிருக்கலாம், அது அதிலேயே எழுதியிருக்கிறது. ஆங்கிலத்தில் இருந்ததால் பிரித்தும் பார்க்காமல் அலுமாரிக்குள் வைத்தது என் பிழை.

உங்களிடம் யாராவது இப்படி வந்தால், இரண்டாம், மூன்றாம், ஐந்தாம் வருடத்தில் நிறுத்தினால் கையில் என்ன வரும் என்று எழுத்தில் கேளுங்கள். "அதைப் பிறகு பார்க்கலாம்" என்றால் கையெழுத்து வைக்காதீர்கள். அப்படியும் எடுப்பதென்றால், உங்கள் மோசமான மாதத்தில் எவ்வளவு கட்ட முடியுமோ அதுதான் தவணை. சீசன் முடிந்ததும் வருடத் தவணையாகக் கட்டலாமா என்றும் கேளுங்கள்.

இப்போது ஓர்டர் காசில் பத்தில் ஒரு பங்கைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போடுகிறேன். ஒரு இலட்சம் சேர்ந்ததும் ஒரு வருட நிலையான வைப்பாக மாற்றுகிறேன். அவசரத்துக்கு உடைத்தால் வட்டியில்தான் வெட்டு, முதல் அப்படியே கிடைக்கும். ஒரே பெரிய வைப்பாக இல்லாமல் சின்னச் சின்னதாக வைப்பதும் அதற்காகத்தான், ஒன்றை உடைத்தால் மற்றவை அசையாது. சுயதொழில்காரருக்குச் சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டமும் இருக்கிறது, பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.

போன ஆடியில் ஒரு ரூபாய்கூடப் போடவில்லை. காப்பும் கையில்தான் இருந்தது.