ரிட்டர்ன் திரையில் நான் முதலில் படிக்கும் வரி

எங்கள் வீட்டில் புடவை, செருப்பு, மிக்ஸி என்று ஆன்லைனில் வாங்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. வாங்குவது யாராக இருந்தாலும், பிடிக்காததைத் திருப்பி அனுப்பும் வேலை என் கைக்குத்தான் வரும். அப்படிப் பல கடைகளின் ரிட்டர்ன் திரைகளைப் பார்த்துப் பழகியதில் ஒரு வழக்கம் படிந்துவிட்டது. திரையை மேலிருந்து கீழே படிப்பதில்லை. பணம் எங்கே போய்ச் சேரும் என்று சொல்லும் அடிப்பகுதியை முதலில் படிக்கிறேன்.

காரணம் இருக்கிறது. காரணத்தைத் தேர்ந்தெடு, படத்தை ஏற்று, எடுத்துச்செல்லும் தேதியைக் குறி என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வரும் திரை, கடைசியில் இரண்டு வட்டங்களைக் காட்டும். ஒன்று ‘Store Credit’. மற்றது ‘Original Source’. பல செயலிகளில் முதல் வட்டம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். பக்கத்தில் ‘உடனே கிடைக்கும்’ என்று பச்சை எழுத்து மின்னும். இரண்டாவதின் கீழே, வேலை நாள்கள் இத்தனை ஆகும் என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி. அவசரத்தில் உறுதிசெய்யும் பொத்தானை அழுத்துகிறவர், தம் பணத்தைக் கடையிலேயே விட்டுவிடுகிறார். கடையில் நம் பெயரில் இருக்கும் கணக்கில் விழுந்த தொகையைப் பெரும்பாலும் வங்கிக்கு மாற்ற முடியாது. காலாவதித் தேதியும் இருக்கக்கூடும். அதே கடையில் அதே வாரத்தில் வேறு அளவு வாங்கப் போகிறோம் என்றால் மட்டுமே நான் அதைத் தேர்ந்தெடுப்பேன்.

மதுரையில் தெற்கு மாசி வீதிப் பக்கம் இருக்கும் என் மதினிக்கு நடந்ததைச் சொன்னால் மற்றவை விளங்கும். 1,200 ரூபாய்க்கு ஒரு புடவையும் 800 ரூபாய்க்கு ஒரு சுடிதாரும் ஒரே ஆர்டரில் வந்தன. கூப்பனில் 200 ரூபாய் தள்ளுபடி; கட்டியது 1,800. புடவையின் கரை, படத்தில் கண்ட நிறத்தில் இல்லை. திருப்பி அனுப்பலாம் என்று திறந்தால், திரும்பும் தொகை 1,080 என்று காட்டியது. “தம்பி, 120 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்களே” என்று மதினி பதறினார். பிடிக்கவில்லை. 200 ரூபாய்த் தள்ளுபடி இரண்டு பொருளுக்கும் விலைக்கேற்பப் பங்கிடப்படுகிறது. புடவையின் பங்கு 120. தொகைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு அம்புக்குறியைத் தட்டினால் இந்தக் கணக்கு விரியும். சில கடைகள் தனியாக வாங்கும் சேவைக் கட்டணம் திரும்பாது என்பதும் அங்கேதான் எழுதியிருக்கும்.

அடுத்து ‘Pickup Scheduled’. இதன் பொருள், கூரியர் நிறுவனத்துக்குத் தகவல் போய்விட்டது என்பது மட்டுமே. குறித்த நாளில் ஆள் வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வராமலே ‘வீட்டில் ஆள் இல்லை’ என்று பதிவாவதை நானே கண்டிருக்கிறேன். சில முறை அப்படிப் பதிவானால் ரிட்டர்ன் கோரிக்கையே ரத்தாகும். அதற்குள் திருப்பி அனுப்பும் கெடுவும் முடிந்திருந்தால் பொருள் நம் தலையில்தான். அதனால் அப்படி ஒரு பதிவு வந்த அன்றே திரையைப் படம் எடுத்து, அழைப்பு எதுவும் வரவில்லை என்று காட்டும் கைபேசிப் பட்டியலோடு புகார் பதிவுசெய்கிறேன். சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதிகளைச் சுற்றும் நாளைத் தேதியாகக் குறிக்கவே வேண்டாம்; அன்றைக்குக் கூரியர் வண்டி உள்ளே வர வழி கிடைக்காது.

மதினியின் புடவையை எடுக்க வந்த கூரியர் பையன் நல்லவிதமாகவே நடந்துகொண்டார். அவருடைய கைபேசியில் புடவையின் படமும் நிறமும் கேள்விகளும் வந்தன: விலைச்சீட்டு இருக்கிறதா, கறை உண்டா, படத்தோடு ஒத்திருக்கிறதா? மூன்றாவது கேள்வியில் தயங்கினார். கரை மாறியிருப்பதுதானே நம் குறையே! படத்தோடு ஒத்துப்போகவில்லை என்று குறித்தால் அவருடைய செயலி பொருளை வாங்க மறுத்துவிடும். ரிட்டர்ன் காரணமாக ‘தவறான பொருள் வந்தது’ என்று நாங்கள் குறித்திருந்ததை எங்கள் திரையில் காட்டினோம். அவர் தம் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு வாங்கிப்போனார். ‘பிடிக்கவில்லை’ என்று பொதுவாகக் குறித்திருந்தால் காட்டுவதற்கு எதுவும் இருந்திருக்காது. விலைச்சீட்டின் பட்டைக்கோடு தெரியும்படி படம் எடுத்த பிறகே பொருளைக் கொடுக்கிறேன். பெற்றுக்கொண்டதாகக் குறுஞ்செய்தி வரும்வரை அவரை நிற்கச் சொல்கிறேன்.

வாசலில் நடந்தது முதல் சோதனைதான். கிடங்கில் இன்னொன்று உண்டு. ‘Quality Check’ என்று திரை சொல்வது பெரும்பாலும் அதை. சில கடைகள் பொருள் கைமாறியதுமே பணத்தை விடுவிக்கும், சில கிடங்குச் சோதனை முடிந்த பிறகுதான். எது என்பது உறுதிசெய்யும் பக்கத்தில் ஒரே வரியில் இருக்கும். சோதனையில் தேறவில்லை என்று சொல்லிப் பொருளை நமக்கே திருப்பி அனுப்பினால், எந்தப் படத்தை வைத்து அப்படி முடிவு செய்தார்கள் என்று எழுத்தில் கேட்க வேண்டும். பட்டைக்கோட்டுப் படம் அப்போதுதான் பேசும். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, கடையின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

மதினியின் புடவை தேறிவிட்டது. ‘Refund Completed’ என்று திரை பச்சையாக மாறியது. மதினியோ பாஸ்புக்கைப் பதிந்துவிட்டு வந்து, பணம் வரவில்லை என்றார். திரையில் அதே வரியின் கீழே 12 இலக்க எண் ஒன்று இருந்தது. யூபிஐ வழியாகத் திரும்பும் ஒவ்வொரு தொகைக்கும் இந்த ஆர்ஆர்என் எண் உண்டு. கடை பணத்தை அனுப்பியதற்கு அதுதான் அடையாளம். வங்கி தேடிச் சொல்வதும் இந்த எண்ணை வைத்துத்தான். ஆனால் எந்த வங்கி? ஆர்டருக்குப் பணம் கட்டியது கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மதினியின் மகன். ‘Original Source’ என்றால் பணம் புறப்பட்ட கணக்கு. ஆர்டர் யார் பெயரில் இருந்தாலும் பணம் அங்கேதான் திரும்பும். அவருடைய வங்கிப் பரிவர்த்தனைப் பட்டியலில் அதே எண்ணோடு 1,080 ரூபாய் உட்கார்ந்திருந்தது. யூபிஐ செயலியில் தனி வரவாகத் தெரியாததால் அவரும் கவனிக்கவில்லை. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் கையில் பணம் வராது, கார்டு பாக்கியில்தான் கழியும்.

பொருளை வாங்கும்போது ரொக்கமாகக் கொடுத்திருந்தால் திரும்பிப் போக ஒரு கணக்கே இல்லை. அப்போது செயலி வங்கிக் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் கேட்கும். அதைச் செயலிக்குள் மட்டுமே தருகிறேன். தொலைபேசியில் அழைத்து, “ரீஃபண்டு அனுப்புகிறோம், பின் எண்ணைப் போடுங்கள்” என்று யார் சொன்னாலும் அழைப்பைத் துண்டித்துவிடுவேன். யூபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. அதை அழுத்தினால் நம் கணக்கிலிருந்து பணம் போகும்.

உசிலம்பட்டிக்கு அப்பால் இருக்கும் எங்கள் சித்தப்பா வீட்டுக்கு இன்னொரு சிக்கல். பொருளைக் கொண்டுவந்து கொடுக்கிற கூரியர், அந்தப் பின்கோட்டில் திருப்பி எடுக்க வருவதில்லை. நாமே அனுப்பிவைக்கும்படி திரை சொல்லும். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைச் செயலியில் ஏற்றினால் தபால் செலவைக் கடை தரும், ஆனால் ஓர் உச்சவரம்பு வரைதான். அந்த வரம்பைப் பார்க்காமல் கனமான பொருளை அங்கே ஆர்டர் செய்ய வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். மிக்ஸி, குக்கர் என்றால் என் மதுரை முகவரிக்கே வரவழைக்கிறோம்.