கிளிக்கா, பார்வையா: வீடியோ விளம்பரத்தின் பலனை எந்தக் கணக்கில் அளப்பது?

விளக்கத்துக்காக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். இணையவழி விற்பனை நிறுவனம் ஒன்று 28 நாள்களுக்கு வீடியோ விளம்பரம் ஓட்டுகிறது; 2.5 லட்சம் பேர் அதன் இலக்கு. முடிவில் வரும் அறிக்கையில் கிளிக் செய்து வந்து வாங்கியவர்களின் ஆர்டர்கள் 40. கிளிக் செய்யாமல், ஆனால் வீடியோவைக் குறிப்பிட்ட நேரமாவது பார்த்துவிட்டுப் பின்னர் தாமாகவே வந்து வாங்கியவை 30. விளம்பரம் திரையில் தோன்றியது என்பதைத் தவிர வேறு எதுவும் நிகழாமல், அடுத்த ஒரு நாளுக்குள் வாங்கப்பட்டவை 210. முதல் எண்ணை மட்டும் ஏற்றால் 40 ஆர்டர், மூன்றையும் கூட்டினால் 280. செலவு ஒன்றேதான், ஆனால் ஓர் ஆர்டருக்கு ஆன செலவு ஏழு மடங்கு மாறிவிடுகிறது.

இந்த மூன்று வகைகளையும் விளம்பரத் தளங்கள் ஒரே மாதிரி காட்டுவதில்லை. மேலே மூன்றாவதாகச் சொன்ன, விளம்பரம் திரையில் தோன்றியதை மட்டும் வைத்து எண்ணப்படும் ஆர்டர்களுக்கு வியூ-த்ரூ கன்வெர்ஷன்கள் என்று பெயர்; கூகுள் ஆட்ஸில் அவை “View-through conv.” என்ற தனிப் பத்தியில் இருக்கும், வழக்கமான “Conversions” பத்தியில் அவை சேராது. இடைப்பட்ட வகை மட்டும் அந்த வழக்கமான பத்திக்குள்ளேயே வந்துவிடும். தவிர்க்கக்கூடிய விளம்பரத்தை 10 விநாடியாவது பார்த்துவிட்டு, கிளிக் செய்யாமல், இயல்பமைப்பின்படி 3 நாள்களுக்குள் வாங்குவதே அந்த வகை. எனவே அந்தப் பத்தியில் இருப்பதெல்லாம் கிளிக் வழியே வந்தது என்று நினைப்பவர் 40 இருக்கவேண்டிய இடத்தில் 70-ஐப் படித்துக்கொண்டிருப்பார். மெட்டா தளத்தின் அறிக்கையோ கிளிக்குக்கு 7 நாள், பார்வைக்கு 1 நாள் என்ற இயல்பமைப்பில் இரண்டையும் ஒரே எண்ணாகக் கூட்டிக் காட்டும். பிரித்துக் காட்டும் வசதியை நாமே தேடித் திறக்க வேண்டும். இரு தளங்களின் மொத்தத்தையும் அருகருகே வைத்து எது சிறந்தது என்று முடிவு கட்டுவது, இதனால், பெரும்பாலும் அர்த்தமற்ற வேலை.

கிளிக்கை மட்டும் எண்ணுவோம் என்பது கண்டிப்பான நிலைப்பாடுபோலத் தோன்றும். ஆனால் வீடியோவுக்கு அது பொருந்தாத கண்டிப்பு. தொலைக்காட்சித் திரையில் பார்ப்பவரால் எளிதில் கிளிக் செய்ய முடியாது; கைபேசியில் பார்ப்பவர்கூடத் தாம் பார்த்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு விளம்பரத்தின் பின்னால் போவது அரிது. மாலையில் வேலை முடிந்தபின் அவர் நிறுவனத்தின் பெயரைத் தேடுபொறியில் தட்டச்சு செய்து தளத்துக்கு வருகிறார், தேடுபொறி விளம்பரம் அந்த ஆர்டரைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. மேலும், கிளிக்கை மட்டுமே இலக்காக வைத்தால், விளம்பர இடங்களுக்கு ஏலம் கேட்கும் தானியங்கி அமைப்பு எளிதில் கிளிக் செய்யும் பழக்கமுள்ளவர்களையும், விரல் தவறிப் படும் இடங்களையும் தேடிப் போகத் தொடங்கும்.

மறுபுறம், வியூ-த்ரூவை முழுமையாக ஏற்பதில் உள்ள சிக்கல் இதைவிட ஆழமானது. விளம்பரம் இல்லாமலும் அந்த 2.5 லட்சம் பேரில் சிலர் வாங்கியே இருப்பார்கள். 28 நாள்களில் அப்படி 500 ஆர்டர்கள் சீராக வந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குச் சராசரியாக 8 வெவ்வேறு நாள்களில் விளம்பரம் காட்டப்பட்டிருந்தால், ஒரு நாள் கணக்கின்படி, அவருடைய 28 நாள்களில் 8 நாள்கள் “விளம்பரம் பார்த்த பின்” என்ற வலைக்குள் இருக்கின்றன. 500-ஐ 8-ஆல் பெருக்கி 28-ஆல் வகுத்தால் சுமார் 143. விளம்பரம் ஒருவர் மனத்தையும் மாற்றாமல் இருந்திருந்தாலும், கிட்டத்தட்ட இத்தனை ஆர்டர்கள் தற்செயலாகவே வியூ-த்ரூவாகப் பதிவாகியிருக்கும். அறிக்கையிலுள்ள 210-இல் பெரும்பகுதி இதிலேயே கரைந்துவிடுகிறது. கால வரம்பை நீட்டிக்கொண்டே போனால் இறுதியில் 500-இல் பெரும்பகுதி வலைக்குள் விழுந்துவிடும். கூடையில் பொருளை வைத்துவிட்டு வாங்காமல் போனவர்களுக்கே மறுபடி விளம்பரம் காட்டும் திட்டங்களில் வியூ-த்ரூ எண் அட்டகாசமாக இருப்பதற்கும் இதுவே காரணம்: அவர்களில் பலர் எப்படியும் திரும்பி வருகிறவர்கள்.

இதைக் கண்டறிய ஒரு எளிய சோதனை உண்டு. விளம்பரம் தோன்றிய நேரத்துக்கும் ஆர்டருக்கும் இடையிலான மணிநேரங்களை எடுத்து வரைபடமாக்க வேண்டும். விளம்பரத்தின் தாக்கம் இருந்தால் ஆர்டர்கள் முதல் சில மணிநேரங்களில் குவிந்து பின்னர் தேயும். தற்செயல் என்றால், ஒரு நாளின் ஏற்ற இறக்கம் நீங்கலாக, கோடு ஏறத்தாழச் சமமாகக் கிடக்கும். அந்த நேர விவரம் கிடைக்காவிட்டால் 1 நாள் வரம்பையும் 7 நாள் வரம்பையும் ஒப்பிடலாம். வரம்பு நீளும்போது எண்ணும் ஏறத்தாழ அதே விகிதத்தில் வளர்ந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். மிக அடிக்கடி விளம்பரம் பார்ப்பவர்களிடம் ஒருவரின் வலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் இந்தச் சோதனை மங்கிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது வழி, ஒரு பகுதியினருக்கு விளம்பரத்தையே காட்டாமல் வைத்துப் பார்ப்பது. நம் கணக்கில் இலக்கு 5 லட்சம் பேராக இருந்து, குலுக்கல் முறையில் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டதாகக் கொள்வோம். விளம்பரம் காட்டாத பாதியில் 500 ஆர்டர், காட்டிய பாதியில் 600. ஆக விளம்பரத்தால் கூடியது 100. கிளிக் கணக்கு சொன்ன 40-ஐவிட இது அதிகம், கூட்டுக் கணக்கு சொன்ன 280-ஐவிட மிகக் குறைவு. இங்கே முழுக் குழுவை முழுக் குழுவோடுதான் ஒப்பிட வேண்டும். காட்டிய குழுவில் உண்மையில் பார்த்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், இணையத்தில் அதிக நேரம் செலவிடுபவர்களைப் பொறுக்கியதாகிவிடும்; அவர்கள் விளம்பரம் இல்லாமலும் அதிகம் வாங்கக்கூடியவர்கள்.

இந்த 100-ஐயும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இத்தகைய எண்ணிக்கைகளின் இயல்பான அலைவு, இரண்டையும் கூட்டிய 1,100-இன் வர்க்கமூலம், அதாவது சுமார் 33. எனவே 95 விழுக்காட்டு நம்பிக்கையோடு சொல்லக்கூடியது, உண்மையான கூடுதல் 35-க்கும் 165-க்கும் இடையில் இருக்கும் என்பதே. காட்டாத குழுவை 10 விழுக்காடாகச் சுருக்கினால் விற்பனை இழப்பு குறையும்தான். ஆனால் அங்கே எதிர்பார்க்கும் 100 ஆர்டரில் 20 கூடியோ குறைந்தோ வந்தாலே, ஒன்பது மடங்கு பெரிய மறுகுழுவோடு ஒப்பிடும்போது அது 180 ஆர்டர் வித்தியாசமாகப் பெருகிவிடும். சிறிய குழுவை வைத்துச் சோதித்துவிட்டு விளம்பரத்தால் பயனில்லை என்று அறிவிக்கும் அறிக்கைகளில் பல, உண்மையில் எதையும் அளக்கவில்லை என்றே கருதுகிறேன்.

எல்லா வாரமும் இத்தகைய சோதனை நடத்த இயலாது என்பதால், பலரும் வியூ-த்ரூவுக்கு ஒரு தள்ளுபடி விகிதம் வைக்கிறார்கள். பேச்சுவாக்கில் பாதி என்றோ கால்பங்கு என்றோ வைப்பதைவிட, அதைச் சோதனையிலிருந்து எடுக்கலாம். கிளிக் ஆர்டர்கள் 40-ஐயும் விளம்பரத்தின் பலனாகவே ஏற்றால் (அதுவும் ஒரு சலுகைதான்) மீதி 60 வருகிறது; அதை மற்ற இரு வகைகளின் 240-ஆல் வகுத்தால் 0.25. மேலே சொன்ன அலைவை இதிலும் வைத்துப் பார்த்தால், விகிதம் பூஜ்ஜியத்திலிருந்து 0.5-ஐ ஒட்டிய அளவு வரை எங்கும் இருக்கலாம். அன்றாடம் ஒரு வீடியோவை இன்னொன்றோடு ஒப்பிட்டு நகர்த்துவதற்கு இது போதும். அடுத்த ஆண்டின் நிதி ஒதுக்கீட்டை இதன்மேல் நிறுத்த நான் துணியமாட்டேன். காட்டும் தடவைகள் 8 நாளிலிருந்து 15 நாளாக உயர்ந்தாலோ, புதியவர்களுக்குப் பதில் பழைய வாடிக்கையாளர்களுக்குக் காட்டத் தொடங்கினாலோ, அதே 0.25 அன்றே செல்லாததாகிவிடும்; அப்போது சோதனையை மறுபடி நடத்தும் வரை வியூ-த்ரூவைத் தனிப் பத்தியில் எழுதி வைத்து, கூட்டாமல் விட்டுவிடலாம்.