பின்பக்கக் காயில் சூடாக இருந்தால்தான் ஃப்ரிட்ஜ் நன்றாக இருக்கிறது: ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ், நீண்டகால அனுபவம்

மதுரையில் எங்கள் வீட்டில் இருப்பது 190 லிட்டர் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ், 2015-இல் வாங்கியது. பின்பக்கம் கறுப்புக் கம்பிக் காயில் வெளியே தெரியும் பழைய அமைப்பு. உள்ளே ஓடும் கேஸ் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். எத்தனை தட்டு, என்ன நிறம் என்பதெல்லாம் கடையிலேயே பார்த்துவிடலாம். இத்தனை வருடம் வைத்திருந்ததில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ஃப்ரிட்ஜ் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, கதவைத் திறப்பதைவிடப் பின்னால் போய்க் காயிலைத் தொட்டுப் பார்ப்பதே நல்லது.

ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்துவந்து சமையலறையில் கொட்டுகிறது, அவ்வளவுதான். அதைச் சுமப்பது இந்த கேஸ். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் மொத்தமே 50 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். சரியான எடை பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளிலேயே அச்சாகியிருக்கும்.

சாதாரணக் காற்றழுத்தத்தில் ஐசோபியூட்டேன் மைனஸ் 12 டிகிரி வாக்கில் கொதிக்கும். அழுத்தத்தைக் குறைத்தால் அதைவிடக் குளிரிலும் கொதிக்கும். ஃப்ரீசர் தகட்டுக்குள் ஓடும் குழாயில் கம்ப்ரஸர் கேஸை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், அங்கே அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறத்தாழ 0.6 பங்குதான். அந்த நிலையில் மைனஸ் 23 டிகிரியிலேயே திரவம் கொதித்து ஆவியாகிறது. ஆவியாக வெப்பம் வேண்டுமே, அதைச் சுற்றியிருக்கும் தகட்டிலிருந்தும், தகடு வழியாகப் பாலிலிருந்தும் காய்கறியிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது.

ஆவியான கேஸைக் கம்ப்ரஸர் அழுத்திப் பின்பக்கக் காயிலுக்கு அனுப்புகிறது. அழுத்தம் ஏறினால் கேஸ் திரவமாகும் வெப்பநிலையும் ஏறும். மே மாதம் எங்கள் சமையலறை 38 டிகிரி இருக்கும்போது, காயிலில் கேஸ் 50 டிகிரி வாக்கில் திரவமாகும். அதற்கு வெளிக்காற்றைப் போல ஏறத்தாழ 7 மடங்கு அழுத்தம் வேண்டும். அறையைவிடக் காயில் சூடாக இருந்தால்தான் வெப்பம் வெளியே போகும், அதனால் சூடு என்பது கோளாறல்ல. காயிலை மறைத்துப் பக்கவாட்டுத் தகட்டுக்குள் வைத்திருக்கும் மாடல்களில் பக்கம் சுடுவதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அதுவும் இதே வேலைதான்.

காயிலை விட்டு வரும் திரவம் ஒரு சின்ன ஃபில்டரைத் தாண்டி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளையுள்ள நீண்ட கேப்பிலரிக் குழாய்க்குள் நுழைகிறது. அந்தக் குறுகல்தான் இந்தப் பக்கம் அழுத்தத்தையும் அந்தப் பக்கம் வெற்றிடத்தையும் பிரித்து வைக்கிறது. அது முடிகிற இடத்தில் அழுத்தம் சட்டென்று விழ, திரவம் மறுபடி கொதிக்க ஆரம்பிக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 32 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை உள்ளே வைக்கிறோம், 7 டிகிரிக்கு வர வேண்டும். எடுக்க வேண்டிய வெப்பம் சுமார் 105 கிலோஜூல். ஒரு கிலோ ஐசோபியூட்டேன் ஒரு சுற்றில் ஏறத்தாழ 250 கிலோஜூல் எடுக்கும் என்று வைத்துக்கொண்டால், இந்த ஒரு பாட்டிலுக்கே 400 கிராமுக்கு மேல் கேஸ் ஆவியாக வேண்டும். இருப்பதோ 50 கிராம். ஆக, உள்ளேயிருக்கும் கேஸ் மொத்தமும் எட்டுத் தடவைக்கு மேல் சுற்றி வந்தால்தான் அந்தப் பாட்டில் குளிரும். கம்ப்ரஸருக்குப் போகும் மின்சாரம் சுமார் 70 கிலோஜூல் என்றால், அதுவும் வெப்பமாகிச் சேர்ந்துகொள்ளும். உள்ளிருந்து எடுத்தது 105, அறைக்குள் விழுவது 175. ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிராமல் இன்னும் சூடாவது இதனால்தான்.

இதே கணக்கில் கேஸ் 20 கிராம் குறைந்தால் என்ன ஆகும்? எங்கள் வீட்டில் ஒரு கோடையில் அதுதான் நடந்தது. கம்ப்ரஸர் நிற்காமல் ஓடியது, பால் மட்டும் மாலைக்குள் புளித்தது. ஃப்ரீசரைத் திறந்தால், தகடு முழுக்கப் படிய வேண்டிய பனி ஒரே மூலையில் மட்டும் இருந்தது, மற்ற இடம் ஈரமாகக் கூட இல்லை. திரவம் குழாயின் ஆரம்பத்திலேயே கொதித்துத் தீர்ந்துவிடுகிறது என்று அர்த்தம். காயிலின் மேல் வரிசை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது, கீழ் வரிசைகள் அறைச் சூட்டில் கிடந்தன. ஃபில்டர் பக்கத்தில் பற்றவைத்த இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு. கேஸ் கசியும் இடத்தில் கம்ப்ரஸர் எண்ணெயும் கொஞ்சம் சேர்ந்து வரும், அதனால் அந்தப் பிசுக்கு நல்ல தடயம்.

முதலில் வந்த மெக்கானிக், “கேஸ் டாப்-அப் பண்ணிட்டா போதும் சார்” என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். கசிவை அடைக்காமல் கேஸ் விட்டால் மறுபடி அதே கதைதான். இரண்டாவதாக வந்தவர் பொறுப்பானவர். ஃப்ரிட்ஜை மொட்டை மாடிக்கு எடுத்துப்போய் மிச்ச கேஸை அங்கே வெளியேற்றினார். ஐசோபியூட்டேன் சமையல் கேஸ் மாதிரியே தீப்பிடிக்கும், மூடிய அறையில் டார்ச் வைத்தால் ஆபத்து. கேஸ் முழுக்கப் போன பிறகுதான் இணைப்பைப் பற்றவைத்தார், ஃபில்டரையும் புதிதாக மாற்றினார். அப்புறம் நல்ல நேரம் எடுத்து வேக்கம் போட்டார். குழாயில் ஈரம் தங்கினால் கேப்பிலரி முனையில் உறைந்து அடைத்துவிடும் என்பதுதான் அதற்குக் காரணம். கடைசியில் சின்னத் தராசில் சிலிண்டரை வைத்து, லேபிளில் உள்ள எடைக்குச் சரியாக கேஸ் விட்டார். இவ்வளவு சின்ன அளவுக்கு, காயில் சூட்டை வைத்துக் குத்துமதிப்பாக விடுவது சரிவராது. உங்கள் வீட்டுக்கு வருபவரிடம் தராசும் வேக்கம் பம்ப்பும் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

தினசரிப் பயன்பாட்டில் இரண்டு பழக்கம் நிறைய உதவியது. காயிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் விட்டிருக்கிறேன், தூசியைப் பிரஷ்ஷால் அவ்வப்போது எடுக்கிறேன். தூசி மூடினால் வெப்பம் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறும், கம்ப்ரஸர் இழுக்கும் மின்சாரமும் ஏறும். இன்னொன்று, ஃப்ரீசரில் பனி அரை சென்டிமீட்டர் தாண்டினால் டிஃப்ராஸ்ட் பட்டனை அழுத்துவது. அந்தப் பனி, தகட்டுக்கும் பொருளுக்கும் நடுவே தடுப்பாகிவிடும். கத்தியால் குத்தி எடுக்கவே கூடாது. தகட்டில் ஓட்டை விழுந்தால், வெற்றிடப் பக்கம் என்பதால் காற்றும் ஈரமும் உள்ளே இழுபடும், ரிப்பேர் செலவு பலமடங்காகும்.

கரண்ட் போய் உடனே வந்தால் ‘டிக்’ என்று சத்தம் கேட்டு ஃப்ரிட்ஜ் கிளம்பாமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காயில் பக்கம் அழுத்தம் இன்னும் இறங்கியிருக்காது, கம்ப்ரஸரால் அதை எதிர்த்துச் சுழல முடியாது, ஓவர்லோட் பாதுகாப்பு அதை நிறுத்திவிடுகிறது. கம்ப்ரஸர் நின்றதும் உள்ளே கேட்கும் ‘ஸ்ஸ்’ சத்தம், கேப்பிலரி வழியாக இரு பக்க அழுத்தமும் சமமாகும் சத்தம். அது அடங்கச் சில நிமிடம் வேண்டும். நாங்கள் மூன்று நிமிடம் தாமதித்து இணைக்கும் ஸ்டெபிலைசர் போட்டிருக்கிறோம், கரண்ட் அடிக்கடி போய்வரும் தெருவாக இருந்தால் நீங்களும் போடுங்கள்.

இப்போது கேஸ்கெட்டின் கீழ்ப்பக்கம் தளர ஆரம்பித்திருக்கிறது, கதவிடுக்கில் வைத்த காகிதம் இழுத்தால் சுலபமாக வந்துவிடுகிறது. அடுத்த கோடைக்குள் அதை மாற்ற வேண்டும். கம்ப்ரஸர் வாங்கிய அன்று வந்ததேதான். அடுத்த ஃப்ரிட்ஜ் வாங்கினாலும், கிடைக்கும் வரை, காயில் வெளியே தெரியும் மாடலையே வாங்குவேன்.